காபி குடித்தால் உடம்பு வற்றுமா?

ஒரு டம்ளர் காபி குடித்தால் அதை ஈடுகட்ட ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். காபி சிறுநீரைப் பிரிக்கும், குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றிவிடும், ஆகவே ஒரு நாளைக்குக் குடிக்கும் நீரின் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது இந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. இதில் பாதி உண்மை. காபியில் இருக்கும் கஃபீன் சிறுநீரைப் பெருக்கும் பொருள்தான். ஆனால் தினமும் காபி குடிக்கிற, ஆரோக்கியமான ஒருவரின் உடம்பை அது வற்றவைப்பதில்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் பார்த்தால்தான் நம் வீட்டு டம்ளரை எந்தக் கணக்கில் வைப்பது என்பது தெளிவாகும்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அத்தனையும் வெளியே போனால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டோம். வடிகட்டியதில் கிட்டத்தட்ட 99 சதவீதத்தை நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. மிச்சம்தான் சிறுநீர். இந்த உறிஞ்சலில் முன்னே போவது உப்பில் உள்ள சோடியம். அது போகும் பக்கம் நீரும் போகும். அடினோசின் என்ற பொருள், சோடியத்தைத் திரும்பப் பிடிக்கும்படி அந்தக் குழாய்களின் சுவரைத் தூண்டுகிறது. கஃபீன் வந்து அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் சோடியம் கொஞ்சம் கூடுதலாக நழுவுகிறது. அதோடு நீரும் நழுவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர்கள், உடம்பில் நீர் கோத்துக்கொண்ட நோயாளிகளுக்குக் கஃபீனையும் அதன் உறவுப் பொருட்களையும் மருந்தாகவே கொடுத்தார்கள். ஆகவே நம்பிக்கை ஆகாயத்திலிருந்து வந்ததில்லை.

கேள்வி, எவ்வளவு கஃபீன், யாருக்கு என்பதில் இருக்கிறது.

1997இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு காபிக்கு எதிரான சாட்சியாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஆரோக்கியமான 12 பேர் ஐந்து நாட்கள் காபி, தேநீர் எதையும் தொடாமல் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் மினரல் வாட்டர் மட்டும். மறுநாள் அதே அளவு திரவத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஆறு கப் காபி. அதில் மொத்தம் 642 மில்லிகிராம் கஃபீன். காபி குடித்த நாளில் சிறுநீர் 753 மில்லி லிட்டர் கூடியது, உடல் எடை 0.7 கிலோ குறைந்தது. முடிவு சரியானதுதான், நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஐந்து நாள் பழக்கம் விட்ட உடம்பு. அதில் ஒரே நாளில் இறங்கியது, ஒருவர் நாள் முழுக்கக் குடிப்பதற்கென்று பல நாடுகள் சொல்லும் மேல் வரம்பான 400 மில்லிகிராமையும் தாண்டிய அளவு.

பழக்கம் விட்ட உடம்பு என்பதுதான் இங்கே மையமான செய்தி. கஃபீனின் சிறுநீர்ப் பெருக்கத்துக்கு உடம்பு பழகிப்போகும் என்பது 1928இலேயே மூன்று பேரை வைத்துச் செய்த சோதனையில் தெரிந்துவிட்டது. தினமும் குடிப்பவருக்குச் சில நாட்களிலேயே அந்த விளைவு மங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி குடித்தால் பழையபடி தலைகாட்டுகிறது. ஒரு விரத காலம் முடிந்தோ, காய்ச்சலில் ஒரு வாரம் காபியை விட்டுவிட்டோ மறுபடி குடிக்கத் தொடங்குகிறவர் அந்த முதல் நாளில் அடிக்கடி எழுந்து போனால் காரணம் இதுதான்.

அப்படியானால் பழகியவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் அல்லவா? இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஆறு கப் காபி குடிக்கும் 50 ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாட்களுக்கு அவர்கள் தினமும் 200 மில்லி லிட்டர் வீதம் நான்கு கப் காபி குடித்தார்கள்; இன்னொரு முறை மூன்று நாட்களுக்கு அதே அளவு தண்ணீர். உணவும் மற்றத் திரவங்களும் உடலுழைப்பும் இரண்டு முறையும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். கஃபீனின் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம். 75 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் சிறுநீரை மட்டும் அளந்துவிட்டு நிற்கவில்லை. 24 மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்த்தார்கள். எடையும் ரத்தமும் பார்த்தார்கள். அதற்கு மேலே போய், உடம்புக்குள் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதையே அளந்தார்கள். ஆழம் தெரியாத கிணற்றில் அளந்த சாயத்தை ஊற்றி, நிறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து நீரின் அளவைச் சொல்வதுபோல, டியூட்டீரியம் கலந்த நீரை அளந்து குடிக்கக் கொடுத்து, அது உடம்பில் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று கணக்கிடும் முறை அது. சாதாரணத் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும் இந்தப் பொருளைக் கருவியால் தனியே அடையாளம் காண முடியும்.

காபி குடித்த நாட்களில் சராசரிச் சிறுநீர் 2409 மில்லி லிட்டர். தண்ணீர் குடித்த நாட்களில் 2428. உடம்பின் மொத்த நீரிலும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. காபி நாட்களில் சிறுநீரில் சோடியம் சற்றுக் கூடுதலாக இருந்தது என்பது மட்டும் உண்மை; கஃபீன் தன் வேலையை முழுக்க நிறுத்திவிடவில்லை என்பதற்கு அது அடையாளம். ஆனால் அது உடம்பு நீரைக் குறைக்கும் அளவுக்குப் போகவில்லை. சோதனையில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. மாதவிடாய்ச் சுழற்சியில் உடம்பு நீர் ஏறி இறங்கும் என்பதால் பெண்களைச் சேர்க்கவில்லை. இந்தக் குறை ஆய்வில் இருக்கிறது.

பழகியவருக்கும் ஓர் எல்லை உண்டு. 2017இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் காபி பழக்கமுள்ள பத்துப் பேருக்கு ஒரே தடவையில் 200 மில்லி லிட்டர் காபி கொடுத்தார்கள். கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் இருந்தபோது, அடுத்த மூன்று மணி நேரச் சிறுநீர் வெறும் தண்ணீர் குடித்ததுபோலத்தான் இருந்தது. அதையே 6 மில்லிகிராமாக, அதாவது ஒருவருக்குச் சராசரியாக 500 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றியபோது, தண்ணீருக்குச் சுமார் 350 மில்லி லிட்டராக இருந்த சிறுநீர் 600ஐத் தாண்டியது. ஒரே மூச்சில் 250, 300 மில்லிகிராம் வரை பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, அதைத் தாண்டித் தாண்டிப் போனால் நடக்கும் என்று இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கலாம்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். டிகாஷனுக்கு ஆளுக்குப் பத்து கிராம் பொடி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கியது 70க்கு 30 சிக்கரி கலந்த பொடி. சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆகவே காபி ஏழு கிராம்தான். அராபிகா கொட்டையில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் கஃபீன் இருக்கும். ஏழு கிராமுக்கு 84 மில்லிகிராம். ரோபஸ்டாவில் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் அது கலந்த பொடியானால் நூற்றுக்கு மேலே போகும். பொடியில் இருக்கும் அத்தனையும் முதல் டிகாஷனில் இறங்கிவிடாது. ஒரு டம்ளருக்கு 80 முதல் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியும் 150 மில்லி லிட்டர் டிகாஷன் காபிக்கு 80 முதல் 120 என்றுதான் சொல்கிறது. நாளுக்கு 300க்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடிப்பவர் ஒரு வேளைக்கு எந்த ஆய்வின் எல்லைக்கும் கிட்டக்கூடப் போவதில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. என் வீட்டு டம்ளரில் நூறு மில்லி லிட்டர் பாலும் ஐம்பது மில்லி லிட்டர் டிகாஷனும் பிடிக்கிறது. பாலில் 87 சதவீதம் நீர். டிகாஷன் ஏறக்குறைய நீரேதான். ஒரு டம்ளரில் 135 மில்லி லிட்டர் நீர் உள்ளே போகிறது. மூன்று டம்ளருக்கு 400. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்ன அளவு, சோறு, காய், குழம்பு எல்லாவற்றிலும் இருக்கும் நீரையும் சேர்த்துப் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அது மிதமான வெப்பமுள்ள ஊருக்கு. சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்குப் போதாது. எப்படியும் மூன்று காபி அந்தத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. காபியை நம்பி நாளை ஓட்ட முடியாது என்பது இதனால்தான். டம்ளர் சிறியது, அவ்வளவே. சாயங்காலம் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குற்றவாளி காபி அல்ல, குடிக்காமல் விட்ட தண்ணீர்.

ஆனால் காபி குடித்த அரை மணிக்குள் முட்டுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கஃபீன் சிறுநீர்ப்பையைச் சீக்கிரமே சுருங்கத் தூண்டும், அடக்கும் பொறுமையைக் குறைக்கும். ஏற்கெனவே அடிக்கடி முட்டும் தொந்தரவு உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எத்தனை தடவை என்பதும் எவ்வளவு என்பதும் வேறு வேறு. அளக்கும் குவளையில் ஒரு நாள் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேருந்துப் பயணத்துக்கு முன் காபியைத் தவிர்ப்பது நியாயம், அதற்குக் காரணம் உடம்பு வற்றுவது இல்லை.

வயிற்றுப்போக்கின்போது விஷயம் வேறு. அப்போது உடம்பு இழப்பது நீரோடு உப்பையும். காபியில் அதற்கு ஈடு இல்லை, குடலையும் அது முடுக்கும். உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம். அது குழந்தையின் எடைக்காகச் சொல்லப்படுவது, நீருக்காக அல்ல.

இந்த நம்பிக்கை உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் ஒன்று இருக்கிறது. அது எதிர்த் திசையில். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மருத்துவர் திரவத்தைக் கட்டுப்படுத்துவார். முதல் நாள் வெளியேறிய சிறுநீரோடு 500 மில்லி லிட்டரைக் கூட்டி, அதுவே இன்றைய மொத்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 200 மில்லி லிட்டர் போனவருக்கு இன்று 700தான். வீட்டில் உள்ளவர்கள், காபி தண்ணீரில்லை, அது வெளியேற்றிவிடும் என்று நினைத்து நான்கு டம்ளர் கொடுத்தால், 600 மில்லி லிட்டர் கணக்கில் வராமலே உள்ளே போய்விடும். மாத்திரைக்குத் தண்ணீர், கொஞ்சம் ரசம், ஒரு கரண்டி மோர் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிட்டது. வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே ஓய்ந்திருக்கும்போது கஃபீன் எதையும் வெளியேற்றாது. அந்த நீர் காலில் வீக்கமாகவும் மூச்சிரைப்பாகவும் அடுத்த டயாலிசிஸ் வரை தங்கும். இதய பலவீனத்துக்காகத் திரவக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும் காபி, தேநீர், ஐஸ்கிரீம் எல்லாம் அதே அளவுக் குவளைக்குள்தான் வர வேண்டும். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்து, காபி கொடுக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரை அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டால், மீதி எவ்வளவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.