அதே இடுக்கில் மறுபடியும் கட்டி

தொடை இடுக்கில் கட்டி என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில் "உடம்புச் சூடு" என்பதுதான். இளநீர் குடிக்கச் சொல்வார்கள், மஞ்சள் பத்துப் போடுவார்கள். எப்போதோ ஒரு தடவை வரும் கட்டி இதற்கெல்லாம் காத்திருக்காமல் தானே பழுத்து, உடைந்து, ஆறிவிடும். அதே இடுக்கில் நான்காவது, ஐந்தாவது முறை வருகிற கட்டியின் கதை வேறு.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் கட்டி 19 வயதில் வந்தது. பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் மாதவிலக்கை ஒட்டி வருகிறது. ஒவ்வொரு முறையும் கீறிச் சீழ் எடுத்து, ஐந்து நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரை சோதித்தாயிற்று, அளவு சரிதான். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால், தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமிகள்தான் வளர்கின்றன. ஏழு வருடத்தில் இடது இடுக்கில் கயிறு போலத் தடிப்பு விழுந்து, உள்ளாடையில் எப்போதும் கறை. கூச்சத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மருத்துவரிடம் போனதால், முன்பு வந்த கட்டிகளைப் பற்றி யாருக்குமே தெரியவில்லை.

இவருக்கு இருப்பது ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவா. சாதாரணக் கட்டியில் கிருமிதான் முதல் குற்றவாளி. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஒரு முடிக்குழிக்குள் புகுந்து சீழ் பிடிக்கிறது. சீழ் வெளியேறினால் கதை முடிந்தது. ஹைட்ராடினைடிஸில் முதலில் நடப்பது அடைப்பு. இடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி, பிட்டம் ஆகிய இடங்களில் முடிக்குழியின் வாய் அடைத்துக்கொள்ள, குழி உள்ளுக்குள் உப்பி, தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. சிதறியதைப் பகையாக நினைத்து உடலின் எதிர்ப்புச் சக்தி பாய்வதால்தான் அந்த வலியும் வீக்கமும். கிருமிகளுக்கு இதில் இரண்டாவது இடம்தான். வெடித்த குழிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்து அடியில் புரையோடுகின்றன. அந்தப் புரைக்குள் தோல் போன்ற ஒரு படலமே வளர்ந்துவிடுகிறது.

கீறிவிடுவது ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். சீழ் போகும், வலி அன்றே குறையும், ஆனால் படலம் அப்படியே இருக்கும். எனவே அதே இடத்தில் மறுபடியும் வரும். அழுக்கால் வரும் நோயல்ல இது. ஒட்டிக்கொள்வதோ, உடலுறவால் பரவுவதோ இல்லை. கஷ்டப்பட்டுத் தேய்த்துக் குளித்தால் புண்தான் அதிகமாகும்.

இன்றைய கட்டியை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம், கட்டியின் வரலாற்றைக் கேட்டால் எளிது. மருத்துவர்கள் மூன்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆழமாக வலிக்கும் கட்டியோ, புரையோ, தழும்போ இருக்கிறதா? மடிப்புகளில்தான் வருகிறதா? ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது வந்ததா? பக்கத்துப் பக்கத்தில் இரட்டையாக நிற்கும் கரும்புள்ளிகளும் நல்ல துப்பு. சாதாரணக் கட்டியும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அது கழுத்து, முதுகு, கால் என்று இடம் மாறும். வீட்டில் மற்றவர்களுக்கும் வரலாம். காலில் புண் இருந்தால் இடுக்கில் நெறி கட்டுமே, அது புண் ஆறியதும் வடியும். நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது. காசநோய்க் கழலையும் இடுக்கில் உடைந்து கசியும் என்பதால், சந்தேகம் வந்தால் சதைத் துணுக்கெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

தோல் மருத்துவர் இந்தப் பெண்ணுக்கு கிளிண்டாமைசின் பூச்சும், டாக்சிசைக்ளின் மாத்திரையும் சுமார் 12 வாரத்துக்குத் தரக்கூடும். கிருமியைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிப்பதே முக்கிய நோக்கம் என்பதால்தான் இத்தனை வாரம். ஐந்து நாளில் நிறுத்தினால் பயனில்லை. திடீரென்று கிளம்பும் ஒற்றைக் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளில் அடங்கும். புரையோடிய இடத்தில் மருந்து மட்டும் போதாது. புரையின் மேற்கூரையை நீக்கி, உள்ளே இருப்பதைச் சுரண்டியெடுத்து, தைக்காமல் திறந்தே விட்டு, அடியிலிருந்து ஆறவிடுகிறார்கள். ஆற சில வாரம் ஆகும். அந்த இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பக்கத்தில் புதிதாக வராது என்று சொல்ல முடியாது.

நோய் பல இடங்களில் பரவியிருந்தால் அடலிமுமாப் போன்ற ஊசிகள் உண்டு. விலை அதிகம். எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியைத் தடுக்கும் மருந்து என்பதால், உடலில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். புகைப்பவர்களுக்கும் உடல் எடை மிகுந்தவர்களுக்கும் நோய் முற்றுவது அதிகம். ஆனால் ஒல்லியான, சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் இது வருகிறது. எடையைக் குறைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது வைத்தியமாகாது.