ஜிம் சலுகையில் கவனிக்க வேண்டிய இரண்டு வரிகள்

"ஒரே மாதத்தில் 10 கிலோ" என்று சொல்லும் புத்தாண்டு சலுகையை நம்பாதீர்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைவதே நிதானமான வேகம். 80 கிலோ இருப்பவர் 12 வாரத்தில் 74-க்கு வந்தால் நல்ல பலன், அதுவும் சாப்பாட்டையும் கவனித்தால்தான். முதல் வாரத்தில் சட்டென இறங்குவது பெரும்பாலும் உடலின் நீர்தான்.

அடுத்தது கடைசித் தேதி. "ஜனவரி 10-க்குள் சேருங்கள்" என்றால், முன்பணம் போதுமா, முழுத் தொகையும் கட்டவேண்டுமா என்று கேளுங்கள். சந்தா எந்த நாளிலிருந்து ஓடும் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆண்டுக்கு 12,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு 4,500 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா மாதம் 1,000 என மலிவாகத் தெரியும். மார்ச்சோடு நின்றுவிட்டால் அது மாதம் 4,000 ஆகிவிடும். புதியவர்களுக்கு நான் மூன்று மாதத்தையே சொல்வேன்.