புது வேலைச் செய்தியை எப்படிச் சொல்வது?

புது வேலை கிடைத்ததை லிங்க்ட்இன்னில் அறிவிக்க ஏற்ற நேரம், ஆஃபர் லெட்டர் வந்த நாள் அல்ல. புது இடத்தில் சேர்ந்து ஓரிரு வாரம் கழிந்த பிறகுதான். இந்திய ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 60 முதல் 90 நாள். அதற்குள் ஆஃபரே ரத்தாகலாம். பழைய இடத்து ரிலீவிங் லெட்டரும் கணக்குத் தீர்வும் பாக்கியிருக்கும்.

கூட வேலை பார்த்தவர்கள், ஊரோடு சேர்ந்து பதிவைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள் என்றால் மனத்தாங்கல் அங்கேயே தொடங்கிவிடும். வேலை கற்றுக்கொடுத்தவருக்கும் ரெஃபரன்ஸ் தந்தவருக்கும் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். சுயவிவரத்தில் புதிய பதவியைச் சேர்க்கும்போது Notify network என்ற பொத்தானை அணைத்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் சொல்ல நினைத்தவர்களுக்குச் சொல்வதற்குள் லிங்க்ட்இன் முந்திக்கொள்ளலாம்.

சென்னையில் 6 வருடம் டெஸ்டிங் பார்த்த ஒருவர் வேறு நிறுவனத்துக்கு லீடாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய குழுவில் சிலருக்கு அண்மையில் வேலை போயிருக்கிறது. அவர் முதலில் எழுதியது இது: “என் திறமையை மதிக்கும் இடம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. 6 சுற்று இன்டர்வியூவையும் தாண்டி வந்தேன். என்னை நம்பாதவர்களுக்கும் நன்றி!”

‘ஒருவழியாக’ என்ற ஒரு சொல், இன்னும் அங்கேயே இருப்பவர்களைக் குத்துகிறது. இன்டர்வியூ கணக்கு, வேலை தேடி அலைபவரின் கண்ணில் உறுத்தும். கடைசி வரியோ இன்னும் மோசம்: யாரை நினைத்து எழுதினாரோ, அவரைத் தவிர மற்ற எல்லோரும் அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

திருத்தி எழுதியது இப்படி வந்தது: “இந்த மாதம் புது நிறுவனத்தில் டெஸ்டிங் லீடாகச் சேர்ந்திருக்கிறேன். பழைய இடத்துக்குள் நுழைந்தபோது எனக்கு ஆட்டோமேஷன் தெரியாது. என் முதல் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தியவர் அன்றைய டீம் லீட். அவருக்கும், ரிலீஸ் இரவுகளில் கூடவே விழித்திருந்த குழுவுக்கும் நன்றி. அந்தக் குழுவில் சிலர் இப்போது வேலை தேடுகிறார்கள். ஆள் தேவைப்படுவோர் சொன்னால் அறிமுகம் செய்கிறேன்.”

ஃபீடில் முதல் சில வரிதான் கண்ணில் படும். அதனால் செய்தி முதல் வரியிலேயே இருக்கிறது. ‘அனைவருக்கும் நன்றி’ யாரையும் தொடாது. ஸ்கிரிப்டைத் திருத்தியதைச் சொன்னால் திருத்தியவர் தன்னை அடையாளம் காண்பார். பெயர்ப் பட்டியல் போட்டால் விடுபட்டவர் வருந்துவார் என்பதால், தனித்தனி நன்றியைத் தனிச் செய்தியில் அனுப்பலாம். கடைசி இரு வரிகளை மட்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. வேலை போனதை வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் இருப்பார்கள்.

பதிவு போட்ட பிறகும் கவனம் தேவை. “நல்லவேளை, அங்கிருந்து தப்பிச்சே!” என்று யாராவது கமென்ட் போடுவார்கள். அதற்கு ஒரு லைக் போட்டால் போதும், பழைய அலுவலகத்தில் அதையே அவருடைய கருத்தாக எடுத்துக்கொள்வார்கள்.