இன்ஃபோசிஸ்: மும்பையில் ரூபாய், நியூயார்க்கில் டாலர்... விலை மட்டும் ஏன் ஏறக்குறைய ஒன்று?

2025 டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை. நியூயார்க் பங்குச் சந்தையில் சுமார் 19 டாலரில் இருந்த இன்ஃபோசிஸ், திடீரென 30 டாலர் வரை எகிறியது. ஐம்பது சதவிகிதத்துக்கும் மேல் ஏற்றம்! வர்த்தகமே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. ஆனால், அன்றைய சந்தை முடியும்போது விலை மீண்டும் 20 டாலருக்கு அருகில் வந்துவிட்டது. இந்த ஏற்றத்துக்குக் காரணமான முக்கியத் தகவல் எதுவும் தங்களிடம் இல்லை என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை மும்பை சந்தை திறந்தபோது, அங்கே பங்கு விலை அந்த ஐம்பது சதவிகிதத்தின் பக்கமே போகவில்லை.

ஏறிய விலை ஏன் நிற்கவில்லை? அதைப் புரிந்துகொண்டால், இரண்டு நாட்டுச் சந்தைகளில் இருக்கும் ஒரே கம்பெனியின் பங்கு, டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் ஏன் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன்

நியூயார்க்கில் கைமாறுவது இன்ஃபோசிஸ் பங்கு அல்ல. அந்தப் பங்குக்கான ரசீது. இதை ஏ.டி.ஆர் என்பார்கள். உண்மையான பங்குகள் இந்தியாவில் ஒரு வங்கியின் பாதுகாப்பில் இருக்கும். அவற்றுக்கு ஈடாக அமெரிக்காவில் இன்னொரு வங்கி டாலரில் ரசீது கொடுக்கும்.

பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை விட்டால் டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் சைக்கிள். சைக்கிளின் மதிப்பு 5,000 ரூபாய் என்றால், டோக்கனை யாராவது 3,000 ரூபாய்க்கு விற்பார்களா? விற்றால், வாங்கியவர் நேரே ஸ்டாண்டுக்குப் போய் சைக்கிளை எடுத்து 5,000-க்கு விற்றுவிடுவார். இப்படிச் செய்ய நாலு பேர் இருந்தாலே போதும், டோக்கனின் விலை தானாக ஏறிவிடும்.

ஏ.டி.ஆர் விலையைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். இரண்டு விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. லாபம் தேடுபவர்கள்தான் அதைச் சமன் செய்கிறார்கள். இந்த வேலைக்கு 'ஆர்பிட்ரேஜ்' என்று பெயர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

எளிதாக இருக்க, சும்மா ஒரு விலை வைத்துக்கொள்வோம். மும்பையில் பங்கு 1,500 ரூபாய். ஒரு டாலர் 90 ரூபாய். இன்ஃபோசிஸில் ஒரு ஏ.டி.ஆர் என்பது ஒரு பங்கு. ஆக, நியூயார்க்கில் விலை 16.67 டாலராக இருந்தால் இரண்டும் சமம்.

அங்கே விலை 16.20 டாலருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில் 1,458. பங்குக்கு 42 ரூபாய் வித்தியாசம். ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் 10,000 ஏ.டி.ஆர்-களை வாங்கி, வங்கியிடம் கொடுத்து ரத்துசெய்து, மும்பையில் பங்குகளாகப் பெற்று விற்கிறது. கையில் நிற்கும் வித்தியாசம் 4,20,000 ரூபாய்.

இதில் செலவு உண்டு. ரத்துசெய்ய ஏ.டி.ஆர் ஒன்றுக்கு 5 சென்ட் கட்டணம் என்றால், 500 டாலர். அதாவது 45,000 ரூபாய். மும்பையில் விற்கும்போது 0.1 சதவிகித பரிவர்த்தனை வரி, 15,000 ரூபாய். இவை இரண்டு மட்டுமே பங்குக்கு 6 ரூபாய் ஆகிறது. இதற்கு மேல் புரோக்கர் கமிஷன், டாலர் மாற்றும் செலவு, லாபத்துக்கு வரி எல்லாம் இருக்கின்றன.

இவர்கள் வாங்க வாங்க நியூயார்க் விலை ஏறும். விற்க விற்க மும்பை விலை இறங்கும். வித்தியாசம் செலவு அளவுக்குச் சுருங்கியதும் நிறுத்திக்கொள்வார்கள், அதற்கு மேல் லாபமில்லை. விலை 'ஏறக்குறைய' ஒன்றாக இருப்பதற்கும், முழுக்க ஒன்றாக இல்லாததற்கும் காரணம் இதுதான்.

ஸ்டாண்டு 'ஃபுல்' ஆகிவிட்டால்?

சரி, டோக்கனின் விலை சைக்கிளைவிட அதிகமானால்? புது சைக்கிளை வாங்கி ஸ்டாண்டில் விட்டு, டோக்கனை விற்றால் லாபம். ஆனால், ஸ்டாண்டுக்காரர் 'இடமில்லை, புது டோக்கன் கிடையாது' என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்ஃபோசிஸ் விஷயத்தில் இது நிஜமாகவே நடந்தது. 1999 மார்ச்சில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டே டெக்னாலஜி பங்குகளுக்கு அங்கே பெரும் மோகம். 2000 மார்ச்சில் ஒரே அளவு பங்குக்கு அமெரிக்க விலை, மும்பை விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போனது!

யாரும் ஏன் மும்பையில் வாங்கி அங்கே விற்கவில்லை? வழி இல்லை. அப்போதைய விதிப்படி ஏ.டி.ஆரைப் பங்காக மாற்றலாம், பங்கை ஏ.டி.ஆராக மாற்ற முடியாது. கதவு ஒரு பக்கம் மட்டுமே திறந்தது.

2002-ல் ரிசர்வ் வங்கி மறுபக்கத்தையும் திறந்தது, ஆனால் ஓர் அளவோடு. ஏற்கெனவே எத்தனை ஏ.டி.ஆர்-கள் ரத்துசெய்யப்பட்டனவோ, அந்த அளவுக்குத்தான் புதிதாக உருவாக்கலாம். அதாவது, ஒரு சைக்கிள் வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே வரலாம். இந்திய ஏ.டி.ஆர்-கள் சில நேரம் மும்பை விலையைவிடச் சில சதவிகிதம் அதிகமாகவே நீடிப்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

இரண்டு கடிகாரங்கள்

இன்னொரு சிக்கல், நேரம். மும்பை சந்தை மாலை 3.30-க்கு மூடிவிடும். நியூயார்க் சந்தை திறக்கும்போது இங்கே இரவு 7 மணி; அவர்களின் குளிர்காலத்தில் 8 மணி. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. மாலையில் கம்பெனி காலாண்டு முடிவு அறிவித்தால், அதன் பலன் முதலில் நியூயார்க்கில் தெரியும். அப்போது தெரியும் வித்தியாசம் உண்மையான வித்தியாசம் அல்ல. அங்கே புது விலை, இங்கே பழைய விலை.

டிசம்பர் 19 அன்று அது எப்படிச் சாத்தியமானது என்பதும் இதில் புரியும். மும்பை மூடிக்கிடந்தது, இங்கே வாங்கி அங்கே விற்க உடனே யாராலும் முடியவில்லை. ஆனால், டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் சைக்கிளின் விலை அன்று மாலைதான் மும்பையில் தெரிந்திருந்தது. செய்தியும் இல்லை. அதனால் 30 டாலர் நிற்கவில்லை.

நீங்களே பார்க்கலாம்

உங்கள் போனில் NYSE: INFY என்று தேடினால் டாலர் விலை வரும். அதை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்குங்கள். மும்பை விலையோடு ஒப்பிடுங்கள். மற்ற பங்குகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஐசிஐசிஐ வங்கியின் ஒரு ஏ.டி.ஆர் 2 பங்குகளுக்குச் சமம், ஹெச்.டி.எஃப்.சி வங்கியில் 3 பங்குகள். அந்த எண்ணால் வகுக்க மறந்தால், விலை மலைபோல் வித்தியாசப்படுவதாகத் தோன்றும்.

'அமெரிக்காவில் ஏறிடுச்சு, காலையில முதல் ஆளா வாங்கு' என்று வாட்ஸ்அப்பில் டிப்ஸ் வருகிறதா? அந்த ஏற்றத்தை எல்லோரும் இரவே பார்த்திருப்பார்கள். இங்கே 9 மணிக்குத் தொடங்கும் முன்-சந்தையிலேயே அது விலையில் ஏறிவிடும். 9.15-க்கு நீங்கள் வாங்கும்போது, ஏறிய விலையைத்தான் கொடுப்பீர்கள்.