நிலுவைப் பட்டியலில் உங்கள் பெயர்

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் விளையாட்டுக் கழகச் சந்தா ஒழுங்காக மாதாமாதம் வருவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் பெருநாளைக்கு ஊர் வரும்போது பழையதையும் புதியதையும் சேர்த்துக் கட்டுவார். அதனால் பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கில் உள்ள சந்தாத் தொகை அந்த ஆண்டின் வருமானம் ஆகாது. கைக்கு வந்த காசைத்தான் அது சொல்கிறது.

40 பேர் உள்ள ஒரு கழகத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு வருடச் சந்தா 1,200 ரூபாய். 2024இல் 51,600 ரூபாய் கிடைத்தது. பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் அதில் 6,000 ரூபாய் 2023க்கான நிலுவை, 42,000 ரூபாய் 2024க்கானது, 3,600 ரூபாய் 2025க்கு முற்பணம். இருவர் 2024 சந்தாவான 2,400 ரூபாயை முந்தைய ஆண்டே கட்டிவிட்டார்கள். ஆக, 2024க்கு 37 பேர் கட்டியிருக்கிறார்கள். மூவரின் 3,600 ரூபாய் நிலுவை. வருமான செலவினக் கணக்கில் எழுதவேண்டியது 40 பேருக்குரிய 48,000 ரூபாய்.

தவறு பெரும்பாலும் பழைய நிலுவையில் நடக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏழு பேரின் 8,400 ரூபாய் நிலுவையாக இருந்தது, ஐவர்தான் கட்டினார்கள். மீதி இருவரின் 2,400 ரூபாய் இன்னும் வரவேண்டியது. எனவே ஆண்டிறுதி நிலுவை 3,600 அல்ல, 6,000 ரூபாய். 51,600இலிருந்து தொடக்க நிலுவை 8,400ஐயும் 2025இன் முற்பணம் 3,600ஐயும் கழித்து, இறுதி நிலுவை 6,000ஐயும் முன்பே கட்டிய 2,400ஐயும் கூட்டினால் 48,000 வரும். இறுதி நிலுவையாக 3,600ஐ மட்டும் போட்டால் விடை 45,600 ஆகிவிடும். அந்த இருவரின் கடனை யாரும் தீர்மானிக்காமலே கணக்கு அழித்துவிடுகிறது. விட்டுக்கொடுப்பதென்றால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அறவிட முடியாக் கடன் என்று செலவில் தனியாகக் காட்டவேண்டும்.

ஆனால் 48,000 சரியாக வந்துவிட்டதென்று மனம் ஆறிவிடாதீர்கள். ஒருவர் கட்டிய 1,200 ரூபாய் கணக்குக்கே வராமல் போனால், அவர் பெயர் நிலுவைக்குப் போகும். வருமானம் அப்போதும் 48,000தான். வருமான செலவினக் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. நிலுவைப் பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்தால்தான் தெரியும். சந்தா நிலுவையில் உள்ளவருக்கு வாக்கில்லை என்று உங்கள் கழக யாப்பில் இருந்தால், காசோடு வாக்கும் போய்விடும்.

ஆகவே பொதுக்கூட்டத்துக்கு முன்பே நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் பெயர் தவறாக இருந்தால், பற்றுச்சீட்டின் பிரதியோடு செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, கடிதம் கிடைத்ததாக ஒப்பம் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்த காசுக்கு இந்த வழி உதவாது. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்காக வாப்பாவோ உம்மாவோ கட்டினாலும், எந்த ஆண்டுக்கான சந்தா என்பதைச் சீட்டில் எழுதச்சொல்லி வாங்குங்கள்.