பின் அல்ல, துளைதான் முதலில் தளர்கிறது

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் ஓடுவது ஒரே ஒரு பின்னை நம்பித்தான். டிராக்டரின் கொக்கியில் மேலும் கீழுமாக இரண்டு தகடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே டிரெய்லரின் கண் நுழையும். மூன்று துளைகளையும் நேராக்கி, மேலிருந்து ஓர் இரும்புப் பின்னைச் செருகினால் இணைப்பு முடிந்தது. இந்த அமைப்பைத்தான் கிளெவிஸ் என்கிறார்கள்.

டிராக்டர் முன்னே இழுக்கிறது. டிரெய்லர் பின்னே இழுக்கிறது. நடுவில் உள்ள கண், பின்னின் நடுப்பகுதியைப் பின்னோக்கித் தள்ள, இரு தகடுகளும் பின்னின் இரு முனைகளை முன்னோக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பின் அறுபட வேண்டுமானால் ஓரிடத்தில் அறுந்தால் போதாது; கண்ணுக்கு மேலேயும் கீழேயும் என இரண்டு இடத்தில் அறுபட வேண்டும். இதுவே இரட்டை வெட்டு. ஒரே தகட்டில் மாட்டிய பின்னைவிட இதில் பாதிச் சுமைதான் ஒவ்வொரு வெட்டிலும் விழும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். சேற்றில் சிக்கிய டிரெய்லரை 4,000 கிலோ விசையோடு இழுப்பதாகக் கொள்வோம். பின்னின் விட்டம் 25 மி.மீ. அதன் குறுக்குப் பரப்பு சுமார் 491 சதுர மி.மீ.; இரண்டு வெட்டுக்கும் சேர்த்து 982. ஆக, ஒரு சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ. சாதாரண மைல்டு ஸ்டீல் வெட்டு விசையில் விட்டுக்கொடுக்க சுமார் 14 கிலோ வேண்டும். பின்னுக்கு ஆபத்தில்லை.

இனி துளையைப் பார்ப்போம். பின் தன் ஒரு பக்கத்தால்தான் துளையின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் கணக்கிட, பின்னின் விட்டத்தைத் தகட்டின் கனத்தால் பெருக்கிப் பரப்பாக எடுத்துக்கொள்வார்கள். கண் 20 மி.மீ. கனம் என்றால் பரப்பு 500 சதுர மி.மீ.; அழுத்தம் 8 கிலோ. மேல், கீழ்த் தகடுகள் தலா 8 மி.மீ. என்றால் இரண்டுக்கும் சேர்த்து 400 சதுர மி.மீ.; அழுத்தம் 10 கிலோ. பின்னில் விழும் 4 கிலோவைவிடத் தகட்டில் விழுவது இரண்டரை மடங்கு. இரட்டை வெட்டு பின்னின் பாரத்தைக் குறைத்தது. ஆனால் நடுக்கண்ணின் மேல் விழும் அழுத்தத்தை அது ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை.

சீரான இழுவையில் 10 கிலோ பெரிதல்ல. கிளட்சைச் சட்டென்று விட்டு வெடுக்கென்று இழுக்கும்போது விசை மும்மடங்கானால், பின்னில் 12 கிலோ, தகட்டில் 30 கிலோ. மைல்டு ஸ்டீல் விட்டுக்கொடுக்கும் அளவு சுமார் 25 கிலோ. சுற்றிலும் உள்ள இரும்பு தாங்குவதால் தகடு உடனே கிழிவதில்லை. துளையின் ஓரம் மட்டும் நசுங்கி நீள்கிறது. நீண்ட துளையில் பின் ஆடும். ஆட்டம் கூடினால் அடுத்த வெடுக்கும் பலமாக விழும். துளை இன்னும் நீளும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பின்னைக் கழற்றிவிட்டு, துளையை இழுவைத் திசையில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் வெர்னியரால் அளக்க வேண்டும். முதல் அளவு கூடுதலாக இருந்தால் துளை நசுங்கியிருக்கிறது. பின்னின் மேல் நகத்தை ஓட்டும்போது இரண்டு இடத்தில் படி போலத் தட்டுப்பட்டால், தகடும் கண்ணும் சந்திக்கும் இடங்களில் பின் தேய்ந்திருக்கிறது. சமதரையில் உருட்டும்போது குதித்தால், பின் வளைந்திருக்கிறது.

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளி. தகடுகளுக்கு நடுவே கண் இறுக்கமாகப் பொருந்தினால், அதே 4,000 கிலோவில் பின்னின் வளைவுத் தகைவு சுமார் 12 கிலோ. கண்ணின் இருபுறமும் 10 மி.மீ. இடைவெளி விட்டால் அது ஏறத்தாழ 25 கிலோவாகிறது. வெடுக்கே தேவையில்லை, சீராக இழுத்தாலே சாதாரணப் பின் வளையும் நிலைக்கு வந்துவிடும். வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்பினால் சத்தம் நிற்கும், வளைவு நிற்காது. தளர்வாகக் கிடக்கும் வாஷர் இழுவையை வாங்கிக் கண்ணிடம் கொடுப்பதில்லை. கண்ணின் கனத்தையே கூட்ட வேண்டும்.

பின் தேய்ந்தால் பலரும் கடினமாக்கப்பட்ட பின்னை வாங்கிப் போடுகிறார்கள். அது வளைவதைத் தடுக்கும். ஆனால் துளையின் மேல் விழும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். தேய்மானம் முழுவதும் தகட்டின் மேல் விழும். துளை நீண்டுவிட்டதென்றால், அதைக் கடைந்து பெரிதாக்கி, கடினமான புஷ் ஒன்றை இறுக்கமாக அடித்து, அதற்குப் பொருந்தும் பின்னைப் போடுவதே சரியான வேலை. தகட்டின் விலையைவிடப் பின்னின் விலை குறைவு. எனவே தேய வேண்டியது எளிதில் மாற்றக்கூடிய பின்னும் புஷ்ஷுமாகவே இருக்கட்டும்.