பழைய கதையா, புதுக் கதையா?

ஒரு படம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? முந்தைய படத்தில் நடந்தது இதில் செல்லுமா என்று பாருங்கள். 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2', 2002 படத்தின் கதையைத் தொடர்கிறது. நாயகன் பீட்டரின் பெரியப்பா இறந்தது இறந்ததுதான். இது சீக்வெல். 2012இல் நடிகரை மாற்றி எடுத்த படத்திலோ பீட்டரைச் சிலந்தி மறுபடியும் முதல்முறையாகக் கடிக்கிறது. அந்தப் பெரியப்பா உயிரோடு வந்து மறுபடியும் இறக்கிறார்! பழைய கணக்கையெல்லாம் அழித்துவிட்டு அதே நாயகனோடு புதிதாகத் தொடங்கினால், அது ரீபூட்.

ரீமேக் நமக்குப் பழகியதுதான். இந்தி 'டான்' கதையே ரஜினிக்கு 1980இல் 'பில்லா' ஆனது. 2007இல் அஜித்துக்கு மறுபடியும். ஆனால் 2012இல் வந்த 'பில்லா 2'வின் எண்ணை நம்பாதீர்கள். அது பில்லா தாதாவாவதற்கு முந்தைய கதை, அதனால் ப்ரீக்வெல்.

ஸ்பின்-ஆஃப்? 'ஷ்ரெக் 2'இல் துணைப் பாத்திரமாக வந்த, பூட்ஸ் போட்ட பூனையை நினைவிருக்கிறதா? 2011இல் அதையே நாயகனாக்கித் தனிப் படம் எடுத்தார்கள். அதில் ஷ்ரெக்கைத் தேடாதீர்கள்.